சோடியம் பைகார்பனேட் கரைசலின் pH: இரண்டு pKa-வின் சராசரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியசில் எச்.எஸ்.சி. வேதியியல் படிக்கும் பிள்ளைகளும், கடற்கரை ஹோட்டல்களில் நீச்சல் குளம் பார்த்துக்கொள்ளும் நம் ஆட்களும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். பிள்ளைகள் பாடத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வீட்டில் தமிழில் சந்தேகம் கேட்கிறார்கள். குளத்துக்காரர்களுக்குச் சமன்பாடு தேவையில்லை, ஆனால் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் முன் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். எண்களெல்லாம், வேறு சொல்லாத இடங்களில், 25 °C வெப்பநிலைக்கு உரியவை.

சார், 6.35-ஐயும் 10.33-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதுமா? செறிவே வேண்டாமா?

சாதாரண ஆய்வகச் செறிவுகளில் போதும். கார்பானிக் அமிலம் இரண்டு புரோட்டான்களை ஒன்றன்பின் ஒன்றாக விடும். முதல் புரோட்டானுக்கு pKa1 = 6.35, இரண்டாவதற்கு pKa2 = 10.33. இவற்றின் சராசரி 8.34. சோடியம் பைகார்பனேட்டைத் தூய நீரில் கரைத்தால் pH அங்கேதான் வரும்.

இந்த வழி செல்லுபடியாவதற்குக் காரணம் HCO₃⁻ அயனியின் நிலை. அது நடுப்பிள்ளை: ஒரு புரோட்டானை வாங்கினால் H₂CO₃, ஒன்றைக் கொடுத்தால் CO₃²⁻. இப்படி இரண்டும் செய்யக்கூடிய அயனி உள்ள உப்பைத்தான் ஆம்ஃபிப்ரோட்டிக் உப்பு என்கிறோம். சோடியம் அயனி இதில் எதிலும் சேராமல் சும்மா இருக்கிறது.

சராசரி எங்கிருந்து வந்தது? மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரமா, காரணம் இருக்கிறதா?

காரணம் இருக்கிறது, இரண்டு வரியில் வந்துவிடும். கரைசலில் முக்கியமாக நடப்பது ஒரு பைகார்பனேட் அயனி இன்னொரு பைகார்பனேட் அயனிக்குப் புரோட்டானைக் கொடுப்பதுதான்:

```
2 HCO₃⁻ ⇌ H₂CO₃ + CO₃²⁻
```

கொடுத்தது CO₃²⁻ ஆகிறது, வாங்கியது H₂CO₃ ஆகிறது. ஒன்று உண்டானால் மற்றொன்றும் உண்டாகியே தீர வேண்டும். ஆகவே இரண்டின் செறிவும் சமம். மொத்த நிரூபணமும் இந்தச் சமத்தில்தான் நிற்கிறது, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது Ka1, Ka2 இரண்டையும் பெருக்குங்கள். HCO₃⁻ மேலும் கீழும் வந்து அடிபட்டுவிடும்:

```
Ka1 × Ka2 = [H⁺]² × [CO₃²⁻] / [H₂CO₃]
```

[CO₃²⁻], [H₂CO₃] இரண்டும் சமம் என்பதால் அந்தப் பின்னம் 1. மிச்சம் [H⁺]² = Ka1 × Ka2. இருபுறமும் மடக்கை எடுத்தால் pH = ½ (pKa1 + pKa2). பரீட்சையில் சூத்திரம் மறந்துவிட்டாலும் அந்த ஒரு வினையை எழுதத் தெரிந்தால் இதைத் திரும்ப வரவழைத்துவிடலாம்.

HCO₃⁻ ஒரு வீரியம் குறைந்த காரம்தானே? Kb போட்டுக் கணக்குப் பார்த்தால் எனக்கு 9.67 வருகிறதே, அது ஏன் தப்பு?

இந்த 9.67 எனக்கு மிகவும் பழக்கமான எண். 0.1 மோலார் கரைசலுக்கு Kb = Kw / Ka1 = 2.2 × 10⁻⁸ என்று எடுத்து, அசிட்டேட்டுக்குச் செய்வது போலவே செய்தால் [OH⁻] = 4.7 × 10⁻⁵, pH 9.67 வரும். கணக்குப் போட்டதில் பிழை இல்லை. பைகார்பனேட் தனக்கு வேண்டிய புரோட்டானை எங்கிருந்து வாங்குகிறது என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

Kb வழியில் புரோட்டான் கொடுப்பது தண்ணீர் மட்டும்தான் என்று நாம் சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறோம். அசிட்டேட்டுக்கு அது சரி, ஏனென்றால் கரைசலில் புரோட்டான் தர வேறு யாரும் இல்லை. இங்கேயோ பக்கத்தில் இன்னொரு HCO₃⁻ இருக்கிறது. அது தண்ணீரைவிட மிகத் தாராளமாகப் புரோட்டானைக் கொடுக்கும். 0.1 மோலாரில் Ka2 × C = 4.7 × 10⁻¹², Kw = 1 × 10⁻¹⁴. கிட்டத்தட்ட 470 மடங்கு வித்தியாசம். தண்ணீரிலிருந்து வரும் கொஞ்சம் OH⁻-ஐயும் பக்கத்து HCO₃⁻ வாங்கி CO₃²⁻ ஆகிவிடும். அதனால் OH⁻ அந்த அளவுக்குச் சேர வழியே இல்லை.

அதே மாதிரி, HCO₃⁻-ஐ வெறும் அமிலமாக மட்டும் வைத்து Ka2 கொண்டு போட்டால் 5.67 வரும். அதிலும் பாதிக் கதைதான் இருக்கிறது. பைகார்பனேட் கேள்விக்கு 9.67 அல்லது 5.67 கிடைத்தால், எந்தப் பாதியை விட்டோம் என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

ஒரு லிட்டரில் 8.4 கிராம் போட்டாலும் 0.84 கிராம் போட்டாலும் ஒரே pH-ஆ? நம்ப முடியவில்லை.

நம்பலாம். மேலே எழுதிய வினையைப் பாருங்கள்: இடப்பக்கம் இரண்டு துகள், வலப்பக்கமும் இரண்டு துகள். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் எல்லாமே ஒரே விகிதத்தில் குறையும், சமநிலை எந்தப் பக்கமும் சாயாது. அசிட்டிக் அமிலத்தில் ஒரு துகள் இரண்டாகப் பிரிவதால்தான் அங்கே நீர்க்க நீர்க்கப் பிரிகை கூடுகிறது.

எண்ணில் பார்த்துவிடலாம். சோடியம் பைகார்பனேட்டின் மோலார் நிறை 84 என்பதால் லிட்டருக்கு 8.4 கிராம் என்பது 0.1 மோலார். pH 8.34 என்றால் [H₂CO₃] / [HCO₃⁻] = 10^(6.35 − 8.34), அதாவது 0.0102. மறுபக்கம் [CO₃²⁻] / [HCO₃⁻] = 10^(8.34 − 10.33), அதுவும் 0.0102. ஆக, நூறில் ஒரு பங்கு H₂CO₃, நூறில் ஒரு பங்கு CO₃²⁻, மீதி 98 பங்கு அப்படியே HCO₃⁻. 0.84 கிராம் போட்ட 0.01 மோலார் கரைசலிலும் இதே நூறில் ஒன்றுதான். விடையைச் சரிபார்க்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி இது: கிடைத்த pH-ஐ இரண்டு pKa-விலும் போட்டுப் பார்த்தால் இரு பங்கும் சமமாக வர வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் நீர்க்கச் செய்யலாமா? எங்கேயாவது தப்பாகுமா?

தப்பாகும். ஒரு சொட்டு பைகார்பனேட்டை ஒரு தொட்டித் தண்ணீரில் விட்டால் pH 7-க்கு அருகில்தான் இருக்கும் என்பது பார்த்தாலே தெரிகிறது. [H₂CO₃] = [CO₃²⁻] என்றபோது தண்ணீரின் சொந்த H⁺, OH⁻ இரண்டையும் கணக்கிலிருந்து விட்டுவிட்டோம். உண்மையான சமன்பாடு இது:

```
[H⁺] + [H₂CO₃] = [CO₃²⁻] + [OH⁻]
```

இதில் [HCO₃⁻]-ஐ மொத்தச் செறிவு C என்றே எடுத்துக்கொண்டு தீர்த்தால் முழு வடிவம் கிடைக்கும்:

```
[H⁺] = √( Ka1 (Ka2·C + Kw) / (Ka1 + C) )
```

இதை உற்றுப் பாருங்கள். Ka2·C-க்கு முன் Kw மிகச் சிறியதாகவும், C-க்கு முன் Ka1 மிகச் சிறியதாகவும் இருந்தால் இது நம் பழைய √(Ka1·Ka2) ஆகிவிடுகிறது. அவை இரண்டும்தான் சராசரி வழிக்கு நிபந்தனைகள்.

பைகார்பனேட்டுக்கு எண் போட்டால்: 0.1 மோலாரில் 8.34, வித்தியாசமே தெரியாது. 0.001 மோலாரில் 8.30, இன்னும் மோசமில்லை. 0.0001 மோலாரில் 8.09. இங்கே கால் pH விலகிவிட்டது, சராசரியை விட்டுவிட வேண்டும். காரணம் Kw. இந்தச் செறிவில் Ka2·C வெறும் 4.7 × 10⁻¹⁵, அதாவது Kw-ஐவிடச் சிறியது. 9.67 பற்றிய பதிலில் சொன்ன 470 மடங்கு இங்கே அரை மடங்காகச் சுருங்கிவிட்டது.

பாஸ்பாரிக் அமிலத்துக்கு மூன்று pKa இருக்கிறதே. எந்த இரண்டை எடுப்பது?

உங்கள் அயனிக்கு இரு பக்கமும் இருக்கும் இரண்டை. பாஸ்பாரிக் அமிலத்தின் மதிப்புகள் 2.15, 7.20, 12.35. NaH₂PO₄ கரைத்தால் நடுவில் இருப்பது H₂PO₄⁻. அது உண்டாவது முதல் படியில், அழிவது இரண்டாம் படியில். ஆகவே 2.15, 7.20 இரண்டின் சராசரி, 4.68. Na₂HPO₄ கரைத்தால் HPO₄²⁻-க்கு இரு பக்கமும் 7.20, 12.35. சராசரி 9.78. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. NaH₂PO₄-இல் Ka1 பெரியது, சுமார் 7 × 10⁻³. எனவே முந்தைய பதிலின் இரண்டாவது நிபந்தனை இங்கே சீக்கிரம் உடையும். 0.1 மோலாரில் முழு வடிவம் 4.69 தரும், கவலை இல்லை. 0.001 மோலாரில் 5.13 வரும், சராசரியிலிருந்து கிட்டத்தட்ட அரை pH தள்ளி. பைகார்பனேட்டைக் கெடுத்தது Kw, இதைக் கெடுப்பது Ka1. HPO₄²⁻-க்கு வந்தால் மறுபடி Kw-தான் தொந்தரவு, ஏனென்றால் அங்கே Ka3 மிகச் சிறியது.

குளத்துக்கு pH குறைக்கப் போடும் சோடியம் பைசல்ஃபேட்டும் இதே ஜாதிதானே? அதற்கும் சராசரி எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. பெயரைப் பார்த்தால் பைகார்பனேட் போலவே இருக்கிறது, ஆனால் HSO₄⁻ புரோட்டானை வாங்கவே வாங்காது. வாங்கினால் சல்ஃப்யூரிக் அமிலம் ஆக வேண்டும், அது தண்ணீரில் முதல் புரோட்டானை முழுவதுமாக விட்டுவிடும் வீரியமான அமிலம். கொடுக்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை. ஆகவே நிரூபணத்தில் நாம் பிடித்துக்கொண்ட அந்தச் சமம் இங்கே கிடையாது.

HSO₄⁻-ஐச் சாதாரண வீரியம் குறைந்த அமிலமாக, pKa 1.99 வைத்துக் கணக்கிடுங்கள். 0.1 மோலார் கரைசலில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் [H⁺] = 0.027, pH சுமார் 1.6. குளக்கடையில் இரண்டு மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒன்று 8.3, இன்னொன்று 1.6. சீட்டைப் படிக்காமல் பிரிக்காதீர்கள், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்பானிக் அமிலத்தின் pKa 3.6 என்று ஓரிடத்தில் படித்தேன். அதை வைத்தால் சராசரி 6.97 வருகிறது. எது சரி?

இரண்டு எண்ணும் உண்மைதான், ஆனால் இந்தக் கணக்குக்கு 6.35-தான் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் பெரும்பகுதி CO₂ மூலக்கூறாகவே மிதக்கிறது. சில நூறில் ஒன்றுதான் தண்ணீரோடு சேர்ந்து உண்மையான H₂CO₃ ஆகிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து அளந்தால் அது அசிட்டிக் அமிலத்தைவிட வீரியமானது, pKa சுமார் 3.6. CO₂, H₂CO₃ இரண்டையும் சேர்த்து ஒரே அமிலமாக எண்ணினால் 6.35.

நம் நிரூபணத்தில் புரோட்டான் வாங்கிய ஒவ்வொரு HCO₃⁻-க்கும் கணக்கு வைக்கிறோம். வாங்கியதில் பெரும்பாலானவை உடனே தண்ணீரை விட்டுவிட்டு CO₂ ஆகிவிடுகின்றன, அவற்றையும் எண்ணித்தானே ஆக வேண்டும்? அதனால் இந்தப் பக்கத்தில் எங்கெல்லாம் [H₂CO₃] என்று எழுதியிருக்கிறேனோ, அங்கெல்லாம் கரைந்த CO₂-வையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆய்வகத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 8.34 வரவே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?

முதலில் மீட்டரை pH 7, pH 10 தரக் கரைசல்களில் சரிபார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தாலும் 8.34 அச்சாக வராது, அதற்கு மூன்று காரணங்கள். வெப்பநிலை சிறியது: நம்மூர்க் கோடையில் அறை 30 °C இருந்தால் pKa-கள் சுமார் 6.33, 10.29 ஆகும், சராசரி 8.31. இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது, கரைசலில் அயனிகள் நெருங்கி இருப்பது. pKa அட்டவணை எண்கள் மிக நீர்த்த கரைசலுக்கு உரியவை. 0.1 மோலாரில் சுற்றியுள்ள அயனிகள், இரட்டை மின்னூட்டம் உள்ள CO₃²⁻-ஐத் தாங்கிப் பிடிக்கின்றன. அது உண்டாவது சுலபமாகிறது, pH கணக்குப்படி சுமார் 0.2 இறங்குகிறது. செறிவைப் பொறுத்ததல்ல என்று சொன்னேனே, அதற்கு இது ஒரு விதிவிலக்கு.

மூன்றாவதுதான் பெரியது. 0.1 மோலார் கரைசலில் நூறில் ஒரு பங்கு CO₂, அதாவது 0.001 மோலார். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் CO₂ சுமார் 1.4 × 10⁻⁵ மோலார்தான் இருக்கும். எழுபது மடங்கு கூடுதலாக இருப்பதால் அது வெளியேறிக்கொண்டே இருக்கும். CO₂ போகப் போக CO₃²⁻ மிஞ்சும், pH ஏறும். கிளறினால், சூடாக்கினால், திறந்த பீக்கரில் இரவு முழுவதும் வைத்தால் வேகமாக ஏறும். அப்படியே விட்டால் கடைசியில் 9.5-ஐயும் தாண்டிவிடும். ஆகவே ஒரு கரைசல் 8.3 காட்டினால், கணக்கு அச்சாகப் பலித்தது என்று நினைக்க வேண்டாம். அயனிகள் இறக்கியதும் CO₂ வெளியேறி ஏற்றியதும் ஓரளவு ஈடாகியிருக்கலாம். CO₂-வை விரட்டிய நீரில், மெதுவாகக் கலந்து, மூடி வைத்து, உடனே அளந்தால் 8.1-க்கும் 8.4-க்கும் இடையில் கிடைக்கும். அது நல்ல விடை.

தம்பி, டப்பாவில் ரொம்ப நாள் கிடந்த சோடா இன்னும் பைகார்பனேட்டாகத்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் பிள்ளைகளின் பினாப்தலீன் இருந்தால் சுலபம், அக்கா. கால் டீஸ்பூன் சோடாவை ஒரு தம்ளர் ஆறிய நீரில் மெல்லக் கரைத்து இரண்டு சொட்டு விடுங்கள். பினாப்தலீன் நிறம் மாறத் தொடங்குவது pH 8.2 வாக்கில். நல்ல பைகார்பனேட் அந்த விளிம்பிலேயே நிற்பதால் நிறமே வராது, அல்லது லேசாக வெளிர் இளஞ்சிவப்பு தெரியும். சூட்டில் கிடந்து ஒரு பகுதி கார்பனேட்டாக மாறியிருந்தால் அழுத்தமான இளஞ்சிவப்பு. அதே கரைசலைக் கொதிக்க வைத்துப் பாருங்கள், CO₂ போய் நிறம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், அந்தத் தம்ளரைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும்போது முதல் முடிவுப் புள்ளிக்குப் பினாப்தலீன் போடுவது இதனால்தான். அந்தப் புள்ளியில் குடுவையில் இருப்பது வெறும் பைகார்பனேட் கரைசல். அதன் pH-ஐ முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டோம்.

எவ்வளவு போட்டாலும் 8.34-இல் நிற்கிறது என்றால் அது நல்ல பஃபர்தானே?

இல்லை, நேர் எதிர். செறிவை மாற்றினால் pH மாறாதது வேறு, அமிலம் விட்டால் pH மாறாதது வேறு. பஃபர் என்பது இரண்டாவது. pKa-வுக்கு அருகில் அமிலமும் அதன் காரமும் சரிபாதியாக இருக்கும்போதுதான் அது பலமாக வேலை செய்யும். 8.34 என்பது 6.35-க்கும் 10.33-க்கும் நட்டநடுவில், இரண்டிலிருந்தும் மிகத் தள்ளி. அந்த இடைவெளியில் பஃபர் மிகப் பலவீனமாக இருக்கும் இடமே அதுதான்.

0.1 மோலார் பைகார்பனேட் ஒரு லிட்டர் எடுத்து 0.001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். CO₃²⁻ 0.0010-இலிருந்து சுமார் 0.0006-க்கு இறங்கும், H₂CO₃ சுமார் 0.0016-க்கு ஏறும். இனி அவை சமமில்லை, pH 8.13 ஆகிறது. அதே அளவு அமிலத்தை, பைகார்பனேட்டும் கார்பனேட்டும் 0.05, 0.05 மோலாராகக் கலந்த கரைசலில் விட்டால் pH 0.02 கூட இறங்காது. தரம்பார்க்கும் வரைபடத்தில் முதல் முடிவுப் புள்ளியருகே கோடு செங்குத்தாக விழுவதும் இதனால்தான்.

அண்ணா, குளத்தில் அல்கலினிட்டி குறைவு, பைகார்பனேட் போடச் சொல்கிறார்கள். போட்டால் pH 8.3-க்குப் போய்விடுமா?

போகாது. சராசரி வழி தூய நீரில் பைகார்பனேட் மட்டும் இருக்கும்போதுதான். உங்கள் குளத்தில் ஏற்கெனவே CO₂ நிறைய இருக்கிறது, அதனால்தான் pH 7.4-இல் நிற்கிறது. H₂CO₃-உம் CO₃²⁻-உம் சமமாக இல்லாத தண்ணீர் அது.

50 கன மீட்டர் குளம், அல்கலினிட்டி 60 பி.பி.எம்., pH 7.4 என்று வைத்துக்கொள்வோம். 80-க்கு ஏற்ற வேண்டும். 10 பி.பி.எம். ஏற்ற ஒரு கன மீட்டருக்கு 16.8 கிராம் பைகார்பனேட் வேண்டும். ஆகவே 20 பி.பி.எம்.-க்கு 50 கன மீட்டரில் 1680 கிராம், அதாவது ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. pH என்ன ஆகும்? அல்கலினிட்டியைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்வதால், 60 பி.பி.எம். என்பது 1.2 மில்லிமோலார் HCO₃⁻. pH 7.4-இல் அதோடு 0.107 மில்லிமோலார் CO₂ இருக்கும். நீங்கள் போட்ட பிறகு HCO₃⁻ 1.6 ஆகிறது, CO₂ கிட்டத்தட்ட அப்படியே. 6.35-உடன் 1.6 / 0.107-இன் மடக்கையான 1.17-ஐக் கூட்டினால் 7.52. வெறும் 0.1 ஏற்றம். சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட், போட்டிருந்தால் அது CO₂-வையே தின்றுவிட்டு pH-ஐ வெகுவாக ஏற்றியிருக்கும்.

ஆனால் அடுத்த சில நாட்களில் pH தானாக மேலே போவதைப் பார்ப்பீர்கள். பைகார்பனேட் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. நீரூற்று, அலை, குளிப்பவர்கள் எல்லாம் சேர்ந்து CO₂-வைக் காற்றுக்கு அனுப்புகிறார்கள். 80 பி.பி.எம். அல்கலினிட்டியில் காற்றோடு முழுச் சமநிலை வந்தால் pH 8.4 அருகே நிற்கும். பைகார்பனேட்டின் 8.34-க்கு அது பக்கத்தில் வருவதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அல்கலினிட்டி 120 ஆனால் இந்தச் சமநிலை இன்னும் மேலே போகும், சராசரியோ நகராது. அதனால் தேவைக்கு மேல் பைகார்பனேட் கொட்டினால் அப்புறம் வாரா வாரம் அமிலம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

லகூன் தண்ணீரும் 8.1 என்கிறார்கள். கடலிலும் பைகார்பனேட்தானே அதிகம்? அப்படியானால் அதுவும் இந்தச் சராசரிதானா?

கடலில் கரைந்துள்ள கார்பனில் பெரும்பகுதி பைகார்பனேட் என்பது சரி. ஆனால் 8.1 சராசரியால் வந்ததல்ல. கடல்நீரில் உப்பு அவ்வளவு இருப்பதால் pKa-களே மாறிவிடுகின்றன. மீட்டர் கேள்வியில் 0.1 மோலாரிலேயே அயனிகள் செய்த வேலையைப் பார்த்தோம். கடலில் அயனிகளின் செறிவு அதைவிடப் பல மடங்கு, போதாததற்கு மக்னீசியமும் கால்சியமும் CO₃²⁻-ஐப் பற்றிக்கொள்கின்றன. 25 °C-இல், சாதாரண உப்பளவுள்ள கடல்நீருக்கு pKa1 சுமார் 5.85, pKa2 சுமார் 8.97. சராசரி எடுத்தால் 7.41.

கடலின் pH அதைவிடக் கிட்டத்தட்ட 0.7 மேலே இருக்கிறது என்றால் அங்கே CO₃²⁻, CO₂-வைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். இருக்கிறது. pH 8.1-இல் CO₂-வை HCO₃⁻-உடன் ஒப்பிட்டால் 10^(5.85 − 8.1), சுமார் 0.006. CO₃²⁻-ஐ ஒப்பிட்டால் 10^(8.1 − 8.97), சுமார் 0.13. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்தக் கார்பனேட்டைக் கொண்டுதான் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கத்துப் பவளப்பாறை தன் சுண்ணாம்பைக் கட்டுகிறது. காற்றில் CO₂ கூடினால் அது தண்ணீரில் இறங்கி, இரண்டாம் கேள்வியில் எழுதிய வினையை வலமிருந்து இடமாகத் தள்ளும்: CO₂-உம் CO₃²⁻-உம் சேர்ந்து இரண்டு HCO₃⁻. பைகார்பனேட் கூடும், பவளத்துக்கு வேண்டிய கார்பனேட் குறையும், pH 8.1-இலிருந்து அந்த 7.41-ஐ நோக்கி நகரும்.